நான்கு வயதுப் படத்தை நாற்பதில் எடுப்பது எப்படி?

அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுத் திண்ணையில் அப்பா எடுத்த படம் அது. பின்பக்கத்தில் அவர் கையெழுத்தில் 'டிச. 1986' என்று இருக்கிறது. கவுன் போட்ட நான்கு வயது நான், ஒரு கையை இடுப்பில் வைத்து, மறு கையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். சென்ற டிசம்பரில் தம்பி அதையே மறுபடியும் எடுக்கலாம் என்றான். வீடு இப்போது இல்லை; அந்த இடத்தில் நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது. ஆகவே மர்ஃபி டவுனில் உள்ள தம்பி வீட்டு மொட்டைமாடியில், மாடிப்படி அறையின் சுவரை எடுத்துக்கொண்டோம்.

முதல் முயற்சியில் உடை, கை, சிரிப்பு எல்லாம் சரியாக இருந்தும் படம் ஒட்டவே இல்லை. ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு பகல் ஆயிற்று. அதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

பழைய படத்தைப் பிரதி எடுத்தல்

ஒட்டும் ஆல்பத்தில் இருக்கும் படத்தைப் பிய்க்க வேண்டாம். மேல்தாள் கையோடு வந்துவிடும். ஆல்பத்தைச் சன்னலோரம் தட்டையாக வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். படத்தின் நான்கு ஓரங்களும் திரையின் ஓரங்களுக்கு இணையாகத் தெரிய வேண்டும். சாய்த்து எடுத்தால் குழந்தையின் கால் குட்டையாகிவிடும், பிறகு ஒப்பிடுவதெல்லாம் வீண்.

அப்பா எங்கே நின்றார்?

பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். அப்பா நின்று எடுத்திருக்கிறார், குழந்தை அவர் மார்புக்கும் கீழே இருந்திருக்கிறது. அதனால் படம் சற்று மேலிருந்து பார்க்கிறது. அதே உயரத்தில் கேமராவைப் பிடித்து இன்றைய என்னை எடுத்தால் அது நேருக்கு நேர் பார்க்கும் படமாகிவிடுகிறது. தோரணை அதேதான், ஆனால் குழந்தைத்தனம் போய்விட்டது.

கேமராவின் உயரத்தைப் பழைய படமே சொல்லும். பக்கவாட்டில் உள்ளே நீண்டு போகும் சுவரையோ சன்னலையோ பாருங்கள். தூரம் போகப்போக அதன் கீழ்க்கோடுகள் மேல்நோக்கி ஏறும், மேல்கோடுகள் கீழ்நோக்கி இறங்கும். நடுவில் ஏறாமலும் இறங்காமலும் படுத்துக் கிடக்கும் உயரம் ஒன்று உண்டு. அதுதான் கேமரா இருந்த உயரம். எங்கள் படத்தில் அது திண்ணைச் சன்னலின் நடுக்கம்பியில் வந்தது. என் உச்சந்தலைக்கு மேல், என் உயரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. நான்கு வயதில் என் உயரம் ஒரு மீட்டர் என்று கொண்டால், கேமரா ஏறக்குறைய 1.4 மீட்டரில் இருந்திருக்கிறது.

தூரத்துக்கு ஒரு சிறு கணக்கு. ஆறு அங்குல நீளப் படத்தில் நான் மூன்று அங்குலம், அதாவது பாதி. அந்தக் காலத்துச் சாதாரண ஃபிலிம் கேமராக்களில் பரவலாக இருந்த 35 மி.மீ. லென்ஸில், ஒரு மீட்டர் குழந்தை படத்தின் நீளத்தில் பாதியை நிரப்ப வேண்டுமானால் கேமரா சுமார் இரண்டு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

இப்போது என் உயரம் 1.6 மீட்டர். நான் 1.6 மடங்கு வளர்ந்திருந்தால் கேமராவும் அதே மடங்கு 'வளர' வேண்டும். உயரம் 2.24 மீட்டர், தூரம் 3.2 மீட்டர். தம்பியின் கண் மட்டம் 1.6 மீட்டர்; அறுபது சென்டிமீட்டர் ஸ்டூல் மேல் ஏறினால் கணக்கு சரியாகிவிட்டது. (பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம். எங்களுடையது ஆடியது, மைத்துனி வந்து மர ஸ்டூலைப் போட்டாள். மாடியின் கைப்பிடிச் சுவர் ஓரத்திலும் ஏறாதீர்கள்.)

இந்த வழி, பின்னணி வெறும் சுவராக இருந்தால்தான் பொருந்தும். லால்பாக் பாறையில் கெம்பேகவுடா கோபுரத்தைப் பின்னால் வைத்து எடுத்த படமாக இருந்தால் கோபுரம் உங்களோடு வளரவில்லை. அங்கே கேமராவைப் பழைய இடத்திலேயே வைத்து, நீங்கள் மண்டியிடுவதே நல்லது.

கைப்பேசியின் வழக்கமான லென்ஸ் பழைய கேமராவைவிட அகலமாகப் பார்க்கும். அதனால் 3.2 மீட்டரில் நான் சிறியதாகத் தெரிந்தேன். நெருங்கி வரக் கால் துடிக்கும், வராதீர்கள். 1.4 மடங்கு ஜூம் போதும். நெருங்கினால் தலை பெருத்துக் கால் சூம்பும்.

ஒத்திகைப் படம்தான் ஆசிரியர்

பழைய படத்தை மட்டும் பார்த்து நின்றால், நாம் செய்வதாக நினைப்பது ஒன்று, உடம்பு செய்வது வேறு. ஒன்று எடுத்துப் பாருங்கள். பிறகு இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். படம் திருத்தும் செயலிகளில் அடுக்கு வைக்கும் வசதி இருந்தால் மேல்படத்தைப் பாதி மங்கலாக்கலாம். நாங்கள் இரண்டையும் அச்செடுத்து ட்ரேசிங் தாளில் வரைந்தோம். தோள்கோடு, இடுப்புக்கோடு, முழங்கைகள், பாதங்கள், அவ்வளவுதான்.

பொருத்தும்போது உச்சந்தலையையும் குதிகாலையும் பொருத்துங்கள், முகத்தை முகத்தோடு பொருத்தாதீர்கள். குழந்தைக்கு உடம்பில் தலையின் பங்கு அதிகம். முகங்கள் ஒத்தால் உடம்பு பூதாகாரமாகிவிடும்.

எங்கள் ட்ரேசிங் தாள் மூன்று குற்றங்களைக் காட்டியது. முதலாவது வயிறு. பழைய படத்தில் வயிறு முன்னே தள்ளி, முதுகு வளைந்திருக்கிறது. "அக்கா, வயிற்றை எக்காதே" என்று தம்பி நான்கு முறை சொன்னான். எக்குகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது பாதம். குழந்தையின் கட்டை விரல்கள் உள்நோக்கித் திரும்பியிருந்தன, என்னுடையவை வெளியே.

மூன்றாவதுதான் சிக்கல். முன்பெல்லாம் பள்ளியில் சேர்க்கும்போது கையைத் தலைக்கு மேல் சுற்றி மறுபக்கக் காதைத் தொடச் சொல்வார்களே, நினைவிருக்கிறதா? நான்கு வயதில் அது எட்டாது. உச்சியைத் தொடுவதற்கே கையை முழுக்க உயர்த்த வேண்டும். அதனால் பழைய படத்தில் மேற்கை காதோடு ஒட்டி நிற்கிறது. இன்று அதே உச்சியில் உள்ளங்கையை வைத்தால் முழங்கை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, கைக்கும் தலைக்கும் நடுவே ஒரு முக்கோண இடைவெளி விழுகிறது. உள்ளங்கை இருக்கும் இடம், கையின் வடிவம் இரண்டையும் ஒருசேரப் பிடிக்க முடியாது. நான் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தேன். உள்ளங்கையை மறு காதின் பக்கம் நகர்த்தியதும் மேற்கை காதோடு ஒட்டியது, இடைவெளி மூடியது. பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது வெளிக்கோடுதான். விரல் எங்கே இருக்கிறது என்று யாரும் தேடுவதில்லை.

திருத்தம் சொல்லும்போது இடது, வலது என்றால் யாருடைய இடது என்று சண்டை வரும். 'தண்ணீர்த்தொட்டி பக்கக் கை' என்று சொல்லிப் பழகுங்கள். முன்பக்கக் கேமராவில் உங்களையே பார்த்து நிற்காதீர்கள், திரை கண்ணாடிபோல் பக்கம் மாற்றிக் காட்டும்.

வெளிச்சம் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. திண்ணை நிழலில் எடுத்த படத்துக்கு மாடி நிழலே போதும். கடைசியாக 3:2 விகிதத்தில் வெட்டி, நாலுக்கு ஆறு அங்குலத்தில் அச்சிடுங்கள். மஞ்சள் நிறம் ஏற்ற வேண்டாம் என்பது என் கட்சி. 1986இல் அந்தப் படமும் மஞ்சளாக இருக்கவில்லை.

ஏழாவது படம் ட்ரேசிங் தாளோடு பொருந்தியது. தம்பி அதன் பின்னால் பால்பாயிண்ட் பேனாவில் தேதி எழுதினான், அப்பாவைப்போலவே மாதத்தைச் சுருக்கி, புள்ளி வைத்து.