வலிக்கு எண் போடும்போது எங்கே தவறுகிறோம்?

0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் நினைத்துப் பார்க்க முடிந்த உச்ச வலி. கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாண் நாள்பட வலிப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது பிசியோதெரபிஸ்ட்கள் வைத்திருக்கும் கணக்கு இது: 2 வரை பயமில்லை, 3 முதல் 5 வரை பொறுத்துக்கொள்ளலாம், 5-ஐத் தாண்டினால் சுமை அதிகம். இதில் முதல் தவறு, 0 வந்தால்தான் பயிற்சி செய்வேன் என்று காத்திருப்பது. சுமையே படாமல் வைத்திருந்தால் அந்த நாண் இன்னும் பலவீனமாகும், திரும்ப நடக்க ஆரம்பித்ததும் அதே வலி வந்து நிற்கும்.

இதைவிடப் பெரிய தவறு, பயிற்சி நேரத்து எண்ணை மட்டும் பார்ப்பது. தசைநாண் உடனே புகார் சொல்லாது, பெரும்பாலும் மறுநாள் காலையில்தான் சொல்லும். ஒருவருக்குக் காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் வலி வழக்கமாக 2 என்று வையுங்கள். இரண்டு காலிலும் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவதை 15 தடவை வீதம் மூன்று சுற்று செய்கிறார், கடைசிச் சுற்றில் வலி 4. மறுநாள் காலை பார்த்தால் அதே 2. சரி, அந்த 4 தாங்கக்கூடிய 4, தொடரலாம். அடுத்த வாரம் ஒற்றைக் காலுக்கு மாறுகிறார், அப்போதும் வலி 4தான், ஆனால் மறுநாள் காலை 5, விறைப்பும் வழக்கத்தைவிட நீள்கிறது, படி இறங்கும்போது நொண்டுகிறார். எண் ஒன்றுதான், பதில் வேறு. அதற்காகப் பயிற்சியையே விட்டுவிட வேண்டாம். காலை வலி பழைய 2-க்கு வரும்வரை இரண்டு காலுக்குத் திரும்பிவிட்டு, அப்புறம் ஒற்றைக் காலில் ஒரே ஒரு சுற்று சேர்த்துப் பார்க்கலாம். சுமை, சுற்று, வேகம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கூட்டினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்றே தெரியாது.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்துவிட்டு "3தான் இருந்தது" என்று எழுதி வைப்பதும் வீண், அந்த 3-ஐ நம்பி எதையும் கூட்ட முடியாது. 4-ஆ 5-ஆ என்று குழம்பினால் உங்கள் அசைவைக் கவனியுங்கள்: வலிக்காக உடம்பு சாய்கிறது, குதிகால் பாதியில் நிற்கிறது என்றால் எண் எதுவாக இருந்தாலும் அந்தச் சுற்றை அங்கேயே நிறுத்துங்கள்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. அறுவை சிகிச்சையோ எலும்பு முறிவோ ஆகிச் சில வாரங்களே ஆகியிருந்தால், வலி 1 ஆக இருந்தாலும் மருத்துவர் சொன்ன வரம்புதான் வரம்பு. குதிகாலுக்கு மேலே பட்டென்று யாரோ உதைத்தது போல இருந்து, அதற்குப் பிறகு அந்தக் காலை ஊன்றி முன்பாதத்தில் எழும்ப முடியவில்லையென்றால் நாண் அறுந்திருக்கலாம். அப்படி அறுந்தபோதும் வலி சீக்கிரமே குறைந்துவிடுவதுண்டு, அதனால் எண் சின்னதாக இருக்கிறதே என்று வீட்டில் இருந்துவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.