வெளிநாட்டு மென்பொருள் சந்தா: வழங்குநர் கணக்கில் நின்ற 756 ரூபாய்

குன்னூரில் இணையவழித் தேயிலை விற்கும் ஒரு கடையின் கணக்கை நான் ஏற்றபோது, படவடிவமைப்பு மென்பொருள் தரும் வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரில் 756 ரூபாய் பாக்கி நின்றது. சந்தா 4,200 ரூபாய் வங்கியிலிருந்து முழுமையாகச் சென்றிருந்தது.

கடையின் ஜிஎஸ்டி எண்ணைப் பெற்றிருந்ததால் அந்நிறுவனம் வரி சேர்க்காமலேயே பில் அனுப்பியிருந்தது. இறக்குமதிச் சேவைக்கான 18 சதவீத ஐஜிஎஸ்டியை, ரிவர்ஸ் சார்ஜ் முறையில், வாங்குபவரே அரசுக்குச் செலுத்த வேண்டும். ஆனால் பழைய பதிவில் அந்த வரி உள்ளூர்க் கொள்முதலைப் போல வழங்குநருக்குத் தரவேண்டிய தொகையோடு கூட்டப்பட்டு, பில் 4,956 ரூபாயாகியிருந்தது.

பதிவை நான் மாற்றி எழுதினேன். மென்பொருள் செலவு 4,200, உள்ளீட்டு ஐஜிஎஸ்டி 756 ஆகிய இரண்டும் பற்று. வழங்குநர் 4,200, ரிவர்ஸ் சார்ஜ் ஐஜிஎஸ்டி பொறுப்பு 756 ஆகியவை வரவு. கொள்முதல் பதிவில் வரி தெரிந்தாலும் வழங்குநரின் தொகை பில்லில் உள்ளபடியே நிற்க வேண்டும். அதுவே சரியான பதிவுக்கு அடையாளம்.

கடையின் பெயரிலேயே சுய இன்வாய்ஸ் ஒன்றும் தயாரித்தேன். GSTR-3B படிவத்தில் பொறுப்பு 3.1(d)-இலும், உள்ளீட்டு வரவு 4(A)(2)-இலும் வரும். இந்தப் பொறுப்பை ரொக்கப் பேரேட்டிலிருந்துதான் கட்ட முடியும். கையிலுள்ள உள்ளீட்டு வரவைக் கொண்டு ஈடுசெய்ய இயலாது. வெளிநாட்டு வழங்குநரின் பில் உள்ளீட்டு வரவுப் பட்டியலான GSTR-2B-யில் தோன்றாது என்பதால், அங்கே தேடிவிட்டு வரவைக் கைவிடுவது வீண் இழப்பு.