ஏற்பு எல்லையை உள்நோக்கி நகர்த்துங்கள்

அளவுச் சோதனையில், வரைபடத்தில் உள்ள டாலரன்ஸ் எல்லையையே ஏற்பு எல்லையாகக் கொள்ளாமல், இரு முனைகளிலும் அளவீட்டு நிச்சயமின்மையின் அளவுக்கு உள்ளே தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் கார்டு பேண்ட் என்று பெயர். தண்டின் விட்டம் 20.00 ± 0.05 மி.மீ., மைக்ரோமீட்டர் அளவீட்டின் விரிவுபடுத்திய நிச்சயமின்மை (k = 2) 0.01 மி.மீ. என்றால், அதாவது உண்மை அளவு காட்டும் அளவிலிருந்து 0.01 மி.மீ.க்குள் இருக்க ஏறத்தாழ 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்றால், 19.96 முதல் 20.04 வரை காட்டும் தண்டுகளை மட்டுமே ஏற்க வேண்டும்.

சரியாக 20.05 என்று காட்டும் தண்டின் உண்மை அளவு எல்லையைத் தாண்டியிருக்க ஏறத்தாழ பாதி வாய்ப்பு உண்டு, 20.04 என்று காட்டும் தண்டுக்கோ அந்த வாய்ப்பு 2.5 விழுக்காட்டுக்கும் குறைவு. இடைப்பட்ட 0.01 மி.மீ. பட்டையில் விழுபவற்றை உடனே கழித்துவிடாமல், அவற்றை மட்டும் நிச்சயமின்மை குறைந்த கருவியில் மறுபடி அளந்தால் நல்ல தண்டுகள் வீணாகா. அதே மைக்ரோமீட்டரில் பலமுறை அளந்து சராசரி எடுப்பது, கருவியின் நிலையான பிழையை நீக்காது.

நிச்சயமின்மை 0.03 மி.மீ. ஆக இருந்தால் 0.10 மி.மீ. அகல ஏற்புப் பகுதி 0.04 ஆகச் சுருங்கி, நல்ல பாகங்களே பெருமளவில் கழிக்கப்படும். அங்கே மாற்ற வேண்டியது கருவியைத்தான். வாங்குபவர் ஒரு பாகத்தை நிராகரிக்கும்போதும் இம்முறை பொருந்தாது, ஏனெனில் ISO 14253-1 தரநிலையின் இயல்பான விதிப்படி, நிச்சயமின்மையையும் சேர்த்து எல்லைக்கு வெளியே இருப்பதை அவரே நிரூபிக்க வேண்டும்.