பளிங்குச் சுவர் ரெண்டர்: இணைப்பில் ரேகை தவறும் இடங்கள்

கோத்தகிரியில் ஒரு வீட்டு வரவேற்பறை. கணப்படுப்புக்குப் பின்னால் 6 மீட்டர் அகலச் சுவர், அதில் 1.5 மீட்டர் அகலமுள்ள நான்கு ஸ்டாச்சுவேரியோ பளிங்குப் பலகைகள். வெள்ளைக் கல்லில் சாம்பல் ரேகை. நான் முதலில் கொடுத்த 3D ரெண்டர் படத்தை வீட்டுக்கார அம்மா பார்த்ததும், "தம்பி, இந்தக் கோடு ஏன் பாதியிலேயே நின்னுபோச்சு?" என்றார். ஒவ்வொரு பலகைக்கும் டெக்ஸ்ச்சரைத் தாறுமாறாக நகர்த்தியிருந்தேன். மரத்தரைக்கு அது சரி. பளிங்குக்குச் செய்தால் ரேகை ஒவ்வொரு இணைப்பிலும் வெட்டுப்பட்டு நிற்கும்.

அதைத் திருத்தப் போய் இன்னொரு தவறு செய்தேன். ஒரே படத்தை நான்கு பலகைக்கும் மாற்றி மாற்றிக் கண்ணாடிபோலத் திருப்பினேன். மூன்று இணைப்பிலும் ரேகை துல்லியமாகச் சேர்ந்தது, ஆனால் சுவர் அச்சடித்த தாள்போல ஆகிவிட்டது. கல்லை அறுக்கும் முறையை யோசித்தால் காரணம் புரியும்.

பலகை 18 மி.மீ. தடிமன், ரம்பம் தின்னும் கல் சுமார் 5 மி.மீ. என்று வையுங்கள். முதல் இரண்டு பலகைகளைப் புத்தகம்போல விரிக்கும்போது, ஒரே அறுப்பின் இருபுறமும் இருந்த முகங்கள்தான் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. இடைவெளி 5 மி.மீ. மட்டுமே என்பதால் ரேகை ஏறக்குறைய ஒட்டிக்கொள்ளும். நடு இணைப்பு அப்படியில்லை. இரண்டாம் பலகையின் முன்முகமும் மூன்றாம் பலகையின் பின்முகமும் அங்கே சந்திக்கின்றன. நடுவில் 18 + 5 + 18, அதாவது 41 மி.மீ. கல். ரேகை கல்லுக்குள் 45 பாகை சாய்ந்து ஓடினால், நடு இணைப்பில் அது நான்கு சென்டிமீட்டர் தள்ளித்தான் வரும். பலகையின் முகத்துக்கு நேர்குத்தாக உள்ளே ஓடும் ரேகை மட்டும் விலகாது. இந்த விலகலைக் காட்டாத படம், பதிப்பவரால் காப்பாற்ற முடியாத வாக்குறுதி.

ஆகவே கல் யார்டிலிருந்து அறுத்த வரிசைப்படி எண்ணிட்ட பலகைப் படங்களைக் கேட்டு வாங்குங்கள். முதல் படம் 1, 2 ஆம் பலகைகளுக்கு; மூன்றாம் பலகையின் படம் 3, 4க்கு. பிளெண்டரில் சுவர் முழுவதையும் நேர்முகமாக விரித்து, UV Editor-இல் 2D Cursor-ஐ ஜோடியின் இணைப்பு விளிம்பில் வைத்து, அதையே மையமாகக் கொண்டு வலப் பலகையை மட்டும் திருப்பினால் போதும்:

```
S  X  -1  Enter
```

படங்கள் கிடைக்கவில்லையென்றால், 3, 4 ஆம் பலகைகளின் டெக்ஸ்ச்சரை ஒன்றாகச் சேர்த்து 4 செ.மீ. மேலோ கீழோ நகர்த்துங்கள். உண்மையில் ஒவ்வொரு ரேகையும் தன் சாய்வுக்கேற்ப வெவ்வேறு அளவு விலகும் என்பதால் இது தோராயம்தான். ஆனாலும் துல்லியக் கண்ணாடியைவிட நம்பும்படி இருக்கும். மேல்விளிம்பில் டெக்ஸ்ச்சர் மீண்டும் தொடங்கிவிடாதபடி படம் சுவரைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும்.

இணைப்புக் கோட்டைத் தடிமனாக்க வேண்டாம். 1920 பிக்சல் அகலப் படத்தில் இந்தச் சுவரின் ஒரு பிக்சல் 3 மி.மீ.க்கு மேல், 1.5 மி.மீ. இடைவெளி அரைப் பிக்சல்தான். தெரியவில்லையே என்று 5 மி.மீ. ஆக்கினால் குளியலறை டைல்ஸ் ஆகிவிடும். கோத்தகிரியில் மூடுபனி நாளின் மங்கிய ஜன்னல் வெளிச்சத்தில் நிஜச் சுவரிலும் இணைப்பு கண்ணில் படாது. நடுவில் விலகிய அந்த ரேகைதான் பலகை எங்கே முடிகிறது என்று சொல்லும்.