பிறந்த தேதியிலிருந்து முழு வயது: ஆண்டு, மாதம், நாள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வேலைவாய்ப்பு விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கிறேன். ஒரு நாள் ஒரு தம்பி, "அண்ணே, நானும் என் நண்பனும் ஒரு நாள் வித்தியாசத்துல பிறந்தோம். ரெண்டு பேருக்கும் ஒரே வயசு காட்டுதே?" என்று திரையைக் காட்டிக் கேட்டார். அவர் சொன்னது சரி. என் எக்செல் சூத்திரத்தில்தான் தவறு. அதைச் சரிசெய்த விதத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

முதலில், எந்தத் தேதியில் வயது வேண்டும் என்பதை ஒரு செல்லில் வையுங்கள். நான் E1-இல் 01-07-2025 என்று வைத்திருக்கிறேன். இங்கே TODAY() போட வேண்டாம். அது தினமும் மாறும், விண்ணப்பத்தில் கேட்கும் தேதி மாறாது. பெயர் A பத்தியில், பிறந்த தேதி B பத்தியில், இரண்டாம் வரிசையிலிருந்து.

நாள் கணக்கை 365-ஆல் வகுத்து வயது எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 05-07-2000-இல் பிறந்தவருக்கு 01-07-2025 அன்று 24 வயதுதான் முடிந்திருக்கும். ஆனால் இடையில் 6 லீப் நாட்கள் சேர்வதால் வகுத்தால் 25-க்குச் சற்று மேலே வரும். வயது வரம்பு உள்ள விண்ணப்பத்தில் இது பெரிய பிழை.

முடிந்த ஆண்டுகளுக்கு C2-இல் இதை எழுதுங்கள்:

```
=DATEDIF(B2,$E$1,"Y")
```

தட்டச்சு செய்யும்போது DATEDIF பரிந்துரைப் பட்டியலில் வராது. லோட்டஸ் 1-2-3 காலத்துக் கோப்புகளுக்காக எக்செல் வைத்திருக்கும் சார்பு அது. முழுதாக நீங்களே தட்டினால் வேலை செய்யும். சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது E1 நகராமலிருக்கத்தான் டாலர் குறி.

ஆண்டுகள் போக மீதமுள்ள மாதங்களுக்கு D2-இல்:

```
=DATEDIF(B2,$E$1,"YM")
```

மீதி நாட்களுக்கு "MD" என்று ஒன்று உண்டு. நான் மாட்டிக்கொண்டது அதில்தான். தம்பி பிறந்தது 31-05-2001, நண்பர் பிறந்தது 01-06-2001. 01-07-2025 அன்று "MD" இருவருக்குமே 24 ஆண்டு, 1 மாதம், 0 நாள் என்றது. ஜூனில் 31 இல்லை, அதனால் தம்பியின் கணக்கு தடுமாறிவிட்டது. 31-01-2012-இல் பிறந்த குழந்தைக்கு 01-03-2025 அன்று பார்த்தால் நாள் -2 என்றே வரும். கழித்தல் குறி வந்தால் கண்ணில் பட்டுவிடும். பூஜ்ஜியமாக வரும் தவறுதான் ஆபத்து, பார்த்தால் சரியான விடை போலவே இருக்கும்.

இதற்கு மாற்றாக, முடிந்த மொத்த மாதங்களைப் பிறந்த தேதியோடு கூட்டி, அங்கிருந்து எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணுங்கள். F2-இல்:

```
=$E$1-EDATE(B2,DATEDIF(B2,$E$1,"M"))
```

தம்பிக்கு மொத்தம் 289 மாதங்கள் முடிந்திருக்கின்றன. EDATE அவற்றை 31-05-2001 உடன் கூட்டும்போது, ஜூனில் 31 இல்லாததால் 30-06-2025-இல் நின்றுவிடும். அங்கிருந்து 01-07-2025-க்கு ஒரு நாள். ஆக 24 ஆண்டு, 1 மாதம், 1 நாள். நண்பருக்கு 0 நாள். இருவருக்கும் இருந்த ஒரு நாள் வித்தியாசம் திரும்பி வந்துவிட்டது. சாதாரணத் தேதிகளிலும் இது சரியாகவே வரும்: 14-09-1998-க்கு 26 ஆண்டு, 9 மாதம், 17 நாள்.

F2-இல் 17-க்குப் பதிலாக 17-01-1900 போல ஒரு தேதி தெரிந்தால் பயப்படாதீர்கள். செல்லின் வடிவம் தேதியாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். General என்று மாற்றினால் எண் தெரியும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது பிறந்த தேதியையே எக்செல் எப்படிப் படித்திருக்கிறது என்பது. கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 13-05-2001 எழுத்தாகவே நின்று செல்லின் இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அங்கே #VALUE! வரும் என்பதால் தெரிந்துவிடும். 05-06-2001 அப்படியல்ல, ஜூன் 5 என்று நாம் நினைத்தது சத்தமில்லாமல் மே 6 ஆகிவிடும். B பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, Ctrl+1 அழுத்தி, Custom-இல் dd-mmm-yyyy கொடுங்கள். மாதம் எழுத்தில் தெரியும், அதைச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்தாக நின்ற தேதிகளை Data பட்டியில் Text to Columns போய், மூன்றாம் படியில் Date: DMY தேர்ந்தெடுத்து மாற்றலாம். மே 6 ஆகிவிட்டதை மட்டும் கையால்தான் திருத்த வேண்டும்.

#NUM! வந்தால் பிறந்த தேதி E1-க்குப் பிந்தியதாக இருக்கிறது. பெரும்பாலும் ஆண்டைத் தவறாகத் தட்டியிருப்பீர்கள்.

எல்லாம் சரியானதும் மூன்று செல்களையும் ஒரே வரியாகச் சேர்க்கலாம்:

```
=C2&" ஆண்டு "&D2&" மாதம் "&F2&" நாள்"
```