வெள்ளத்தில் நின்ற ஸ்கூட்டர்: கிளைம் கடிதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் பெருமழை பெய்து ஓய்ந்தால், அடுத்த சில நாள்களில் எங்கள் சர்வீஸ் சென்டர் வாசலில் ஸ்கூட்டர்கள் வரிசைகட்டி நிற்கும். கிச்சிப்பாளையம், நாராயண நகர், சிவதாபுரம், பச்சப்பட்டி என்று வழக்கமான ஏரியாக்கள்தான். ஏற்காடு மலையில் கொட்டுகிற மழை திருமணிமுத்தாற்றில் இறங்கிவரும்போது, ஓரமாக நிறுத்தியிருந்த வண்டிகளை விசாரித்துவிட்டுத்தான் போகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போதும் இதே கதை.

நான் இன்சூரன்ஸ் கிளைம் பார்க்கும் மேஜையில் இருக்கிறேன். வண்டியோடு ஆளுக்கொரு கடிதமும் வரும். இந்த மேஜைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளும் அதே மாதிரிக் கடிதத்தைத்தான் எழுதித் தருகிறார்கள். தேதி போடவில்லை, கையெழுத்து இல்லை என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை யாராவது கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பணத்தையே காலி செய்கிற தவறுகள் வேறு.

## "அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் இருக்கு" என்று நம்பி எழுதுவது

2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருட இன்சூரன்ஸ் சேர்த்தே தருகிறார்கள். அந்த ஐந்து வருடம் தேர்டு பார்ட்டிக்கு மட்டும். அதாவது, உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு. உங்கள் வண்டிக்கே சேதம் என்றால் பணம் தருவது ஓன் டேமேஜ் பகுதி. பெரும்பாலும் அது முதல் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும், அப்புறம் வருடாவருடம் நீங்களாகப் புதுப்பிக்க வேண்டும்.

வெள்ளம் ஓன் டேமேஜில்தான் வருகிறது. பாலிசித் தாளில் இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனியாகத் தேதி போட்டிருப்பார்கள். கடிதத்துக்குப் பேனா எடுக்கும் முன் ஓன் டேமேஜ் முடியும் தேதியைப் பாருங்கள். அது முடிந்திருந்தால் கடிதம் எழுதிப் பயனில்லை.

## "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்று எழுதுவது

என் மேஜைக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த வரியில்தான் தொடங்குகின்றன. எத்தனை பேருக்குச் சொன்னாலும் அடுத்த மழைக்கு அதே வரி திரும்பி வருகிறது. இன்னமும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து வந்த மறுப்புக் கடிதத்தோடு வந்தான். அவன் முதலில் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: "ஐயா, என் ஸ்கூட்டர் மழையில் நனைந்து ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் பார்த்ததில் இன்ஜின் ரிப்பேர் என்கிறார். ஆகவே எனக்கு கிளைம் தொகை வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." மறுப்பில் சொன்ன காரணம், இயந்திரக் கோளாறு பாலிசியில் அடங்காது என்பது.

"அண்ணா, ஸ்டார்ட் ஆகலைன்னுதானே வந்தேன். அதைத்தானே எழுத முடியும்?" என்றான்.

நடந்ததைக் கேட்டேன். வீட்டு வாசலில் சைடு ஸ்டாண்டில் நின்றிருந்த வண்டி. நடுராத்திரி ஓடை உடைத்துக்கொண்டு வந்த தண்ணீர், விடிவதற்குள் சீட்டின் அடிப்பாகம் வரை ஏறிவிட்டது. மறுநாள் மாலைதான் வடிந்தது. பக்கத்து வீட்டு மெக்கானிக் "சாவியே போடாதே" என்று சொன்னதால் அவன் செல்ஃபும் அடிக்கவில்லை, கிக்கரும் உதைக்கவில்லை. குட்டியானையில் ஏற்றித்தான் கொண்டுவந்தான். வெள்ள கிளைமுக்கு இதைவிடச் சுத்தமான கேஸ் கிடையாது. ஆனால் இதில் ஒரு விஷயம்கூடக் கடிதத்தில் இல்லை.

நிறுவனம் அந்தக் கடிதத்தை எப்படிப் படிக்கும் என்று பாருங்கள். மோட்டார் பாலிசியில் வெள்ளம், பெருக்கு, புயல் எல்லாம் பணம் தரவேண்டிய காரணங்களின் பட்டியலில் இருக்கின்றன. தேய்மானம், இயந்திர, மின் கோளாறு, ஒரு சேதத்தைத் தொடர்ந்து வரும் பின்விளைவு ஆகியவை தரவேண்டாத பட்டியலில் இருக்கின்றன. "ஸ்டார்ட் ஆகவில்லை, இன்ஜின் ரிப்பேர்" என்று நீங்களே எழுதும்போது, உங்கள் கேஸை முதல் பட்டியலிலிருந்து எடுத்து இரண்டாவதில் போட்டுவிடுகிறீர்கள். "மழையில் நனைந்து" என்பது அதைவிட மோசம். வெளியே நிற்கும் எல்லா வண்டியும் மழையில் நனையத்தான் செய்கிறது. நனைவது வேறு, மூழ்குவது வேறு.

அதனால் கடிதத்தில் முதலில் வரவேண்டியது சம்பவம். வண்டி எங்கே நின்றது, தண்ணீர் எப்போது வந்தது, வண்டியில் எந்த இடம் வரை ஏறியது, எப்போது வடிந்தது, அதன்பிறகு வண்டியை என்ன செய்தீர்கள் என்று வரிசையாக எழுத வேண்டும். உயரத்தை அடிக்கணக்கில் சொல்வதைவிட ஃபுட்போர்டு வரை, சீட் வரை, ஹேண்டில்பார் வரை என்று வண்டியை வைத்தே சொல்லுங்கள். சேதத்தைப் பார்க்க நிறுவனம் அனுப்பும் சர்வேயர் அந்த இடத்தில்தான் சேற்றுக்கோட்டைத் தேடுவார். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறப்பார், பெல்ட் கவருக்குள் வண்டல் இருக்கிறதா என்று பார்ப்பார், ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பார். தண்ணீர் கலந்த இன்ஜின் ஆயில் பால் விட்ட டீ மாதிரி வெளுத்திருக்கும். நீங்கள் எழுதிய உயரமும் அவர் கண்ணால் பார்ப்பதும் ஒத்துப்போனால் வேலை சுலபம்.

கடைசியாகச் சொன்ன விஷயம், அதாவது தண்ணீர் வடிந்தபிறகு வண்டியை என்ன செய்தீர்கள் என்பது, மிக முக்கியம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டன் மேலே போக இடமிருக்காது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளையலாம். அது வளைந்திருந்தால், "வெள்ளம் செய்தது அல்ல, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு" என்று நிறுவனம் சொல்லும். சேதமான வண்டியைச் சரிசெய்யாமல் ஓட்டினால் கூடுதல் சேதம் உரிமையாளர் பொறுப்பு என்று பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. தம்பி ஸ்டார்ட் செய்யவே இல்லை. ஆனால் அவன் கடிதத்தைப் படிப்பவருக்கு என்ன தோன்றும்? ஸ்டார்ட் ஆகவில்லை என்று எப்படித் தெரியும், ஸ்டார்ட் செய்து பார்த்திருக்க வேண்டும் என்றுதானே!

நீங்கள் உண்மையிலேயே செல்ஃப் அடித்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். இன்ஜினைப் பிரித்தால் தெரிந்துவிடும். பொய் என்று வந்துவிட்டால் முழு கிளைமும் போகலாம். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால் அந்தச் சேதத்துக்கும் வழி உண்டு. இல்லாவிட்டாலும் வயரிங், பேட்டரி, பெல்ட், சீட் போன்றவற்றுக்கு வெள்ளச் சேதமாகக் கேட்கலாம்.

அந்தத் தம்பிக்கு நாங்கள் மறுபரிசீலனை கேட்டு எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி இது:

"மேற்படி ஸ்கூட்டர் என் வீட்டு வாசலில், தெருவில் நிறுத்தப்பட்டிருந்தது. அன்று நள்ளிரவு ஓடை நீர் தெருவுக்குள் புகுந்து, காலைக்குள் வண்டியின் சீட் அடிப்பாகம் வரை உயர்ந்தது. மறுநாள் மாலை நீர் வடிந்தது. வண்டி வெள்ளத்தில் மூழ்கியதால் சேதமடைந்துள்ளது. நீர் வடிந்தபின் வண்டியை ஸ்டார்ட் செய்யவோ ஓட்டவோ இல்லை. சரக்கு வாகனத்தில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்தோம். வண்டி பிரிக்கப்படாமல் உள்ளது. தங்கள் சர்வேயர் பார்வையிட்டபின் பழுதுநீக்க அனுமதி வேண்டுகிறேன். நீர்மட்டம் தெரியும் படங்களும் சரக்கு வாகன ரசீதும் இணைப்பில்."

மேலே பாலிசி எண், பதிவு எண், கிளைம் எண், சேத நாள், போன் நம்பர். அவ்வளவுதான். தாழ்மையுடன் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. சர்வேயர் மறுபடி வந்து பார்த்தார், கிளைம் பாஸ் ஆனது.

இன்னொன்று. கடிதத்துக்கு முன் கஸ்டமர் கேருக்குப் போன் செய்வீர்கள். அவசரத்தில் அங்கேயும் வாய் தவறி "ஸ்டார்ட் ஆகலைங்க" என்றுதான் வரும். எதிர்முனையில் இருப்பவர் அதையே காரணமாகப் பதிவு செய்துவிடுவார். "வெளியே நிறுத்தியிருந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கிவிட்டது" என்று சொல்லுங்கள். கிளைம் படிவத்தில் காரணம் கேட்கும் கட்டத்திலும் இதே வரி. மூன்று இடத்தில் மூன்று கதை இருந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

## போட்டோவுக்கு முன் கழுவுவது

சேறுதான் சாட்சி. கழுவாதீர்கள்.

## சர்வேயர் வருவதற்குள் பிரித்துப் போடுவது

தெரிந்த மெக்கானிக் பாசத்தில் பிரித்துவிடுவார். எது வெள்ளத்தால், எது முன்பே போனது என்று அதன்பிறகு யாராலும் சொல்ல முடியாது. துருப்பிடிக்கும் என்று பயமாக இருந்தால், ஆயிலை வடிக்கலாமா என்று மெயிலில் அனுமதி கேளுங்கள். பதில் வந்தபின் தொடுங்கள்.

## மொத்த பில்லையும் எதிர்பார்ப்பது

கடிதத்தில் "பழுதுச் செலவு ரூ.11,500 முழுவதையும்" என்று எழுதுகிறார்கள். தொகையை எழுதவே வேண்டாம், எஸ்டிமேட்டை இணைத்தால் போதும். அப்புறம் குறைத்துவிட்டார்கள் என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

வண்டிக்கு மூன்று வயது முடிந்து நான்கு முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். இந்த வயதில் உலோகப் பாகங்களுக்கு 25 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு வயது பார்க்காமல் பாதி. பில்லில் உலோகம் 6,000 என்றால் கிடைப்பது 4,500. பிளாஸ்டிக், பேட்டரி வகை 3,000 என்றால் 1,500. கூலி 2,500 அப்படியே. மொத்தம் 8,500-இல் கட்டாயக் கழிவு 100 போக 8,400 வரும். மிச்சம் 3,100 உங்கள் கைக்காசு. இன்ஜின் ஆயில் போன்றவை பெரும்பாலும் தனி. தேய்மானம் கழிக்காத கவர் எடுத்திருந்தால்தான் இந்தக் கணக்கு மாறும்.

## சின்ன பில்லுக்கும் எழுதுவது

ஆயில் மாற்றி, பிளக் துடைத்து ஆயிரத்துக்குள் வேலை முடிந்தால் விட்டுவிடுங்கள். கிளைம் கேட்காத வருடத்துக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸாவது மிஞ்சும்.

## மறுப்பு வந்ததும் அலுத்துக்கொண்டு விடுவது

பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஆனால் நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே முதலில் கேட்பது, நீங்கள் நிறுவனத்துக்குக் கொடுத்த கடிதத்தின் நகலைத்தான். எனவே அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள், இல்லையென்றால் மெயிலில் அனுப்புங்கள்.