அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடுமுன் குடும்பக் குழுவில் எழுத வேண்டியவை

மெல்பர்னுக்கு வந்து வீடு பிடித்து, வேலையும் நிலைத்துவிட்டால் அடுத்த பேச்சு ஊரிலிருந்து அப்பா அம்மாவை எப்போது அழைப்பது என்பதுதான். 600 விசிட்டர் விசாவை ஆன்லைனில் போடுவது பெரிய வித்தை இல்லை. விசா கிடைத்த மின்னஞ்சல் வரும்வரை டிக்கெட் வாங்காதீர்கள், அவ்வளவுதான். சிக்கல் அதற்குப் பிறகு, வாட்ஸாப்பில் தொடங்குகிறது. ஆளாளுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் போடுவார்கள், எல்லாவற்றிலும் விலை மட்டும்தான் கண்ணில் படும்.

எங்கள் அப்பா அம்மா தஞ்சாவூர். போன முறை வந்தவை மூன்று. சென்னை–சிங்கப்பூர்–மெல்பர்ன், போக வர ஆளுக்கு 82,000 ரூபாய். திருச்சி–கொழும்பு–மெல்பர்ன், 74,000. மூன்றாவது தம்பி துபாயிலிருந்து அனுப்பியது: திருச்சி–சிங்கப்பூர் ஒரு விமானம், சிங்கப்பூர்–மெல்பர்ன் வேறொரு நிறுவனம், 58,000. "அண்ணா, ரெண்டு பேருக்கும் சேர்த்து 32,000 மிச்சம்" என்று கூடவே ஒரு வரி.

அந்த மூன்றாவதுதான் பொறி. தளத்தில் ஒரே விலை, ஒரே புக்கிங் எண். ஆனால் நடுவில் பொடி எழுத்தில் "Self transfer" என்று இருக்கும். அதாவது உள்ளே இரண்டு தனித்தனி பி.என்.ஆர். பெட்டி மெல்பர்ன் வரை தானாகப் போகாது. சிங்கப்பூரில் குடிநுழைவைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி கவுன்டரில் போட வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா வேண்டும். ஆஸ்திரேலிய விசா வைத்திருப்பவர்களுக்கு 96 மணி நேர விசா இல்லாச் சலுகை உண்டுதான், ஆனால் உள்ளே விடுவதா என்பதை அங்கிருக்கும் அதிகாரிதான் முடிவு செய்வார். சிங்கப்பூர் வருகை அட்டையையும் முன்கூட்டியே ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இதெல்லாம் நமக்கு ஒன்றுமில்லை, எழுபது வயதில் முதல்முறை பறப்பவர்களுக்கு?

நண்பன் ஒருவனின் பெற்றோர் இப்படித்தான் வந்தார்கள். திருச்சியிலிருந்து கிளம்பிய விமானம் மூன்று மணி நேரம் தாமதம். வீல்சேர் தள்ளி வந்தவர் வெளிவாசலோடு விட்டுவிட்டுப் போய்விட்டார், முதல் நிறுவனத்தின் பொறுப்பு அதோடு முடிந்தது. அடுத்த கவுன்டருக்கு அவர்கள் டிராலியோடு போய்ச் சேர்ந்தபோது மூடிவிட்டார்கள். ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் வேலை. இங்கே இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை அவர்கள் "வராத பயணிகள்". போகும் பயணம் தவறினால் அதே டிக்கெட்டில் உள்ள திரும்பும் பயணமும் பெரும்பாலும் சேர்ந்து ரத்தாகும், இது பலருக்குத் தெரிவதில்லை. புது டிக்கெட் இரண்டு பேருக்கும் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதை யார் கொடுப்பது என்று கேட்டதும் அவர்கள் குடும்பக் குழுவில் எல்லார் பெயருக்கும் நீல டிக் விழுந்தது, பதில் மட்டும் வரவில்லை.

சரி, அந்த 32,000 உண்மையா என்றும் பாருங்கள். மலிவு டிக்கெட்டில் பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனிக் காசு. நான்கு பயணத்துக்கும் கூட்டியபோது ஆளுக்கு 9,000 ஏறியது. மிச்சம் இரண்டு பேருக்கும் சேர்த்து வெறும் 14,000. இதற்காகவா அம்மாவைச் சிங்கப்பூர் விமான நிலையத்தில் பெட்டி தேட விடுவது?

கடைசியில் நான் எழுதியது இது:

"கொழும்பு வழியே போடுகிறேன். ஒரே பி.என்.ஆர்., பெட்டி மெல்பர்னில்தான் வரும், கொழும்பில் ஆறு மணி நேரம் உள்ளேயே இருக்கலாம். சென்னை என்றால் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்து எழும்பூர் போய் அலைய வேண்டும், வேண்டாம். டிக்கெட் 1,48,000, என் கார்டு. தம்பி பாதியை இந்த மாதமே அனுப்பிவிடு. விசா கட்டணம், பயணக் காப்பீடு, திருச்சிக்குக் கார் எல்லாம் அக்கா. ரத்தானால் பணம் என் கார்டுக்குத்தான் திரும்பும், வந்ததும் பிரித்துக்கொள்வோம். தேதி மாற்றச் சொல்பவர் அந்தச் செலவை ஏற்க வேண்டும்."

அந்தக் கடைசி வரிக்கு அக்காவுக்குக் கோபம். வளைகாப்புக்கு அம்மா சீக்கிரம் திரும்ப வேண்டியிருக்கலாம் என்பது அவள் கணக்கு. அரை மணி நேரம் போனில் பேசி, அந்த ஒரு காரணத்துக்கு மட்டும் மூவரும் சமமாக என்று மாற்றி எழுதினேன். இது டிக்கெட் வாங்கும் முன் நடந்த சண்டை என்பதால் அரை மணியில் முடிந்தது.

இன்னொன்று, இந்தக் கணக்கை அப்பா அம்மா இருக்கும் குழுவில் போடாதீர்கள். விலையைப் பார்த்தால் எங்கள் அப்பா எஃப்.டி.யை உடைக்கிறேன் என்பார், இல்லையென்றால் வரவே இல்லை என்பார். பிள்ளைகளுக்கு மட்டும் தனிக்குழு வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் போக வேண்டியது நேரம், பெட்டியின் எடை, வீல்சேர் சொல்லியாயிற்று என்ற செய்தி. அதையும் எழுத்தாக இல்லாமல் குரல் பதிவாக அனுப்பினால் அம்மா நாலு முறை போட்டுக் கேட்டுக்கொள்வார்.